மறைந்தும் விலகாத வாழ்த்து

எஸ்தருக்கு ஃபோட்டோ எடுத்துக்கொள்வதில் அப்படியொரு ஆசை. யார் வீட்டு விசேஷமானாலும் முதல் வரிசையில் நிற்பாள். தலையில் பூ, நெற்றி வரை படிய வாரிய முடி, பல் தெரியும் சிரிப்பு. ஆனால் எந்தப் படத்திலும் அவளுடைய கைகள் மட்டும் இருக்காது. முந்தானைக்குள் போயிருக்கும்.

அதற்குக் காரணம் அவளுடைய மகள் மெர்சி. வேலூரில் மெர்சி பட்டம் வாங்கிய நாளில், கறுப்பு அங்கியோடு அம்மா பக்கத்தில் நின்றவள், கேமராக்காரர் குனிந்த நேரத்தில் காதருகே மெல்லச் சொன்னாள்: "கைய உள்ள வெச்சுக்கம்மா." அவ்வளவுதான் சொன்னாள். எஸ்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு உள்ளே போன கை, அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் வெளியே வரவேயில்லை.

அப்படி என்ன கை அது? ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகத் தோலுக்கு ஓரம் மடித்து ஒட்டுகிற கை. பிரஷ்ஷால் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, விரலால் மடித்து, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டிப் படிய வைக்கிற வேலை. பசை காய்ந்து நகக்கண்ணில் கறுப்பாகத் தங்கிவிடும். கட்டைவிரல் நுனி அந்த ஷூ தோலை விடத் தடித்துப் போயிருக்கும். அந்தக் கையில்தான் மெர்சி சோறு தின்றாள். அந்தக் கைதான் அவளை எம்.சி.ஏ. வரை தூக்கிவிட்டது. அந்தக் கையைத்தான் அவள் மறைக்கச் சொன்னாள்.

மெர்சி கெட்டவள் இல்லை, வாசகர்களே. கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. அப்பா இன்பராஜ் இறந்த பிறகு அம்மாவுக்கு ஒரு தலைவலி என்றால் மாத்திரையோடு ஓடி வருகிற பெண்தான். சத்துவாச்சாரியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மாதனூரை ஒட்டிய தன் ஊரிலிருந்து தினமும் வேலூர் பஸ் ஏறிப் போய் வருவாள்.

ஒரு வருஷம் அம்மா வேலை செய்யும் ஷூ கம்பெனிக்கே ஒரு ஆப் செய்து கொடுக்கும் வேலை அவளிடம் வந்தது. கம்பெனி பஸ்கள் ஊர் ஊராகச் சுற்றி ஆட்களை ஏற்றுகின்றன. சில ஸ்டாப்பிங்கில் ஆளே இல்லாமல் வண்டி வீணாகப் போய்த் திரும்புகிறது. அதனால் வேலை செய்கிற ஒவ்வொருவரும் முந்தின நாள் சாயங்காலமே தன் ஃபோனில் 'நாளைக்கு வருவேன்', 'வரமாட்டேன்' என்ற இரண்டு பட்டனில் ஒன்றை அழுத்திவிட வேண்டும். பொங்கல் வரைக்கும் சோதனை. அதற்குள் எந்த ஸ்டாப்பிங்கில் ஆள் கம்மியாக அழுத்துகிறார்களோ அந்த ஸ்டாப்பிங்கை எடுத்துவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

ஊரில் மெர்சிக்கு ஒரே பெருமை. எஸ்தர் பஸ்ஸில் ஏறியதும் "என் பொண்ணு செஞ்ச ஆப்" என்று சொல்லாத நாள் இல்லை. மெர்சியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வெளியே வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து, பெண்கள் எல்லாருடைய ஃபோனிலும் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். நாள் முழுக்கத் தையலையும் ஒட்டுவேலையையும் பார்த்துக் கண் மங்கியவர்கள் அவர்கள். "எழுத்து எறும்பு மாதிரி இருக்குது மெர்சி" என்றார்கள். சரியென்று ஒவ்வொரு ஃபோனிலும் செட்டிங்கில் போய் எழுத்தைப் பெரிதாக்கினாள். அம்மாவின் ஃபோனிலும் அப்படியே. எல்லாம் ஒரே கடையில் வாங்கிய, ஒரே மாதிரி சின்ன ஃபோன்கள். அன்றைக்கு அந்தப் பெண்கள் அவளை வாழ்த்திய வாழ்த்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்தன, அழுத்தியதும் பச்சையாகும். அந்த ஊர்ப் புளியமரத்து ஸ்டாப்பிங்தான் அழுத்துவதில் முதலிடம்.

கிறிஸ்துமஸ் வந்தது. கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி அப்துல் வஹீத், நல்ல மனிதர், மெர்சிக்கு ஃபோன் செய்து ஒரு யோசனை சொன்னார். பண்டிகை காலம்; ஆப்பைத் திறந்ததும் ஒரு வாழ்த்து வந்தால் ஆட்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்றார். மெர்சி ஆசை ஆசையாகச் செய்தாள். திறந்தவுடன் கீழேயிருந்து ஒரு வாழ்த்து அட்டை மெதுவாக எழும்பும். நட்சத்திரம் மின்னும். சற்று நேரத்தில் அப்படியே கரைந்து மறையும். தன் ஃபோனில் பார்த்தாள், ஆபீஸ் ஃபோனில் பார்த்தாள். இரண்டும் பெரிய ஃபோன்கள். அழகாக இருந்தது. பட்டனும் வேலை செய்தது. அனுப்பிவிட்டாள். பிறகு புது வருஷத்துக்கு அதே அட்டையில் வேறு வாசகம். பொங்கல் நெருங்கியதும் கரும்பும் பானையும்.

கிறிஸ்துமஸிலிருந்தே புளியமரத்து ஸ்டாப்பிங் ஊமையாகிப் போனது.

எஸ்தர் அழுத்தினாள், அவளோடு அதே பஸ்ஸில் வேலைக்குப் போகும் எழிலரசி அழுத்தினாள், எல்லாரும் அழுத்தினார்கள். பட்டன் பச்சையாகவில்லை. கண்ணெதிரே பளிச்சென்று நிற்கிறது, அழுத்தினால் அசையமாட்டேன் என்கிறது. வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டு ஃபோன் பழசு என்று தள்ளிவிட்டார்கள். விஷயம் மெர்சிக்குப் போனது. அவள் கம்ப்யூட்டரில் பார்த்தாள். ஆப்பைத் திறக்கிறார்கள், அது பதிவாகிறது. பட்டன் அழுத்தியதாக எதுவும் பதிவாகவில்லை. மற்ற ஊர்களில் பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

அப்போது அவள் மனசுக்குள் ஒன்று சட்டென்று வந்து உட்கார்ந்தது. கை.

அது அவளாகக் கண்டுபிடித்ததும் இல்லை. சில வருஷத்துக்கு முன் கம்பெனியில் விரல் வைத்து வருகை போடுகிற மிஷின் கொண்டுவந்தார்கள். இந்தப் பெண்களின் விரலை அது எடுக்கவேயில்லை. ரேகை தேய்ந்த விரல்கள். வாட்ச்மேன் "தொடச்சிட்டு வை, தொடச்சிட்டு வை" என்று வரிசை முன்னால் சத்தம் போடுவார். கடைசியில் மிஷினை மூலையில் வைத்துவிட்டு கார்டு கொடுத்தார்கள். ரேஷன் கடையிலும் அதே கதைதான், வேறு விரல் வை, வேறு விரல் வை. அதனால் மிஷின் எது மக்கர் பண்ணினாலும் குற்றம் நம் விரலில் என்று அந்தப் பெண்களே முடிவு செய்துவிடுவார்கள். மெர்சியும் அவர்கள் வீட்டுப் பெண்தானே. ரேகை பார்க்கிற மிஷின் வேறு, தொட்டால் போதும் என்கிற ஃபோன் திரை வேறு என்று படித்தவள்தான். ஆனாலும் அவளுக்குள்ளும் அந்த நினைப்பு அழுக்குப் போல ஒட்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இதே விரலுக்குத்தானே வேலை செய்தது என்று எழிலரசி கேட்டாள். மார்கழிப் பனி, தோல் வறண்டு வெடித்திருக்கும் என்று மெர்சி பதில் வைத்திருந்தாள்.

பஸ் பெண்களின் வாட்ஸ்ஆப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டாள். அந்தப் பதிவை அவள் பிற்பாடு எத்தனையோ முறை கேட்டுக் கேட்டு வெந்து போனாள். "அக்கா எல்லாரும் கேளுங்க. ஆப் நல்லாத்தான் இருக்குது. கையில பசை இருந்தா ஃபோன் எடுக்காது. நல்லா சோப்பு போட்டுக் கழுவி, தேய்ச்சு, தொடச்சிட்டு அழுத்துங்க."

சின்னப் பிள்ளைகளிடம் சொல்வது போல, கொஞ்சம் கொஞ்சலாக, கொஞ்சம் சலிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அவர்கள் கழுவினார்கள். படித்த பெண் சொல்கிறாளே. எழிலரசி பசையைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தாள், தோல் உரிந்து எரிந்தது. எஸ்தர் துணி துவைக்கும் இடத்தில் உட்கார்ந்து, குதிகால் தேய்க்கும் கல்லை எடுத்து ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்தாள். தினமும் தேய்த்தாள். ஒருநாள் ரத்தம் கசிந்தது. சுண்ணாம்பு வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். சொல்யூஷன் பட்டதும் எரிந்தது. மகளிடம் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் மெர்சி வீட்டில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். எஸ்தர் வாசற்படியில் உட்கார்ந்து ஃபோனை அழுத்திக்கொண்டே இருந்தாள். மெல்ல அழுத்தினாள். பலமாக அழுத்தினாள். ஃபோனைத் தூக்கி ஊதிவிட்டு அழுத்தினாள். மெர்சி தலையை மட்டும் திருப்பி, "கையக் கழுவிட்டு அழுத்தும்மா" என்றாள். எஸ்தர் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தாள். அந்த ஃபோனைக் கையில் வாங்கி ஒரே ஒரு தடவை தான் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. எட்டினால் தொடுகிற தூரம். ஒரே வீடு. தோன்றவில்லை.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் வஹீத் எல்லாக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். புளியமரத்து ஸ்டாப்பிங்கில் ஏறுவதாக அழுத்தியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதை எடுத்துவிட்டால் பஸ் ஊருக்குள் வராது. நேராக ஹைவேயிலேயே போய்விடும். பெண்கள் விடியாத இருட்டில் ஏரிக்கரையைத் தாண்டி நடந்து, லாரிகள் பறக்கும் நாலு வழிச் சாலையைக் குறுக்கே கடந்து நிற்க வேண்டும். போன வருஷம்தான் அங்கே ஒரு பெண்ணை வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. இப்போதைக்கு டிரைவர் ரத்தினசாமி, கை காட்டினால் நிறுத்துவேன், ஃபோனாவது கீனாவது என்று நிறுத்திக்கொண்டிருந்தார். பொங்கல் கழிந்ததும் அவராலும் முடியாது.

பெண்கள் சார்பில் எஸ்தரும் எழிலரசியும் வஹீத் அறைக்குப் போனார்கள். நாங்கள் அழுத்துகிறோம், எடுக்க மாட்டேன் என்கிறது என்றார்கள். நியாயமான மனிதர் அவர். ஆப் செய்தவர்களையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று மெர்சியை வரச் சொன்னார்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மெர்சி லேப்டாப் பையோடு அறைக்குள் நுழைந்தாள். அம்மா சுவரோரம் நின்றிருந்தாள். கம்பெனியில் மெர்சியைப் பார்த்ததில் அவளுக்குள்ளே ஒரு பூரிப்பு. மகள் உட்கார்ந்ததும், தான் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள். அவள் தன் அம்மா என்று மெர்சி சொல்லவில்லை. வேலை விஷயம், இங்கே எதற்கு என்று நினைத்தாளாம். வஹீத்துக்கும் அது தெரியாது.

"இன்னாம்மா, உங்க ஆப்ல ஏதாச்சும் கோளாறா? நேரா சொல்லிடு. ஒரு ஸ்டாப்பிங் விஷயம், ஜாஸ்தி நாள் இழுக்க முடியாது" என்றார் வஹீத்.

மெர்சி அவருடைய ஃபோனிலேயே அழுத்திக் காட்டினாள். பச்சையானது. பிறகு அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஆப் மேல தப்பு இல்ல சார். இவங்க கை அப்படி. வருஷக்கணக்கா சொல்யூஷன் பட்ட விரல். அந்தக் கை தொட்டா ஸ்கிரீன் எடுக்காது."

சொன்னவள் எதேச்சையாக நிமிர்ந்தாள். சுவரோரம் அம்மாவின் வலது கை, யாரும் சொல்லாமலே, மெதுவாக முந்தானைக்குள் போய்க்கொண்டிருந்தது.

எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நாக்கு எப்போதுமே கொஞ்சம் நீளம். எஸ்தரின் இடுப்பிலிருந்த ஃபோனை வெடுக்கென்று எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எங்க கை அப்படி. சரி. உன் கை பூ மாதிரி இருக்குதில்ல? நீயே எஸ்தர்க்காவுக்கு அழுத்திக் குடுத்துட்டுப் போ. நாங்க போயி வேலையப் பாக்கறோம்."

மெர்சிக்கு முகம் சுருங்கியது. இதோ என்பது போல ஃபோனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். பொங்கல் பானை எழும்பி மறைந்தது. அம்மாவின் பெயர், ஸ்டாப்பிங் பெயர், கீழே இரண்டு பட்டன். சுத்தமான, ரோஸ் பாலிஷ் போட்ட ஆள்காட்டி விரலால் 'நாளைக்கு வருவேன்' மீது அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி அழுத்தினாள். 'வரமாட்டேன்' மீது அழுத்தினாள். அதுவும் அசையவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள்.  மேலே மூலையில் மணி படம் இருந்தது, அறிவிப்புகளுக்கு. அதைத் தொட்டாள். உடனே திறந்துகொண்டது. மூடிவிட்டுப் பட்டனைத் தொட்டாள். கல்லைத் தொட்டது போலிருந்தது.

அதே விரல்தான். திரையின் மேல்பாதி அதற்குக் கீழ்ப்படிகிறது, கீழ்ப்பாதி கேட்கவேயில்லை.

 மேலே வேலை செய்து கீழே செய்யாது என்றால் விரலில் என்ன இருக்கிறது? கீழே எது இருக்கிறது? கீழேயிருந்து எழும்பி வந்தது எது? கிறிஸ்துமஸிலிருந்துதானே...

"ஒரு நிமிஷம் சார்" என்று லேப்டாப்பைத் திறந்தாள்.  சோதனைக்கென்று வைத்திருந்த நகலில் அந்த வாழ்த்து அட்டை இருக்கும் இடத்துக்குப் போனாள். அட்டை முழுசாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிற கடைசி நிலையை மாற்றி, கரையாதே, சிவப்பாக நில் என்று எழுதினாள். அந்த நகலை அம்மாவின் ஃபோனில் திறந்தாள்.

பானை எழும்பியது. மறைய வேண்டிய நேரத்தில் மறையாமல், ரத்தச் சிவப்பாக ஒரு சதுரம் திரையின் கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பட்டனும் அதற்குக் கீழே புதைந்து கிடந்தன.

வஹீத் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது இன்னாது?"

மெர்சியின் குரல் தேய்ந்து வந்தது. "நான் வெச்ச வாழ்த்து அட்ட சார். மறையுது மறையுதுன்னு நெனச்சேன். கண்ணுக்குத்தான் மறைஞ்சிருக்கு, எடத்த விட்டுப் போகல. பட்டன அழுத்தினா அந்த அழுத்தத்த இதுவே வாங்கிக்குது. கீழ இருக்கிற பட்டனுக்குப் போறதே இல்ல."

"என் ஃபோன்ல வேல செய்யுதே?"

அவர் ஃபோன் பெரியது. அதில் பட்டன்கள் அட்டை இருக்கும் இடத்துக்கு மேலேயே, அதில் படாமல் நின்றுவிடுகின்றன. இது சின்னத் திரை, எழுத்தும் பெரிது. பெரிய எழுத்து இடத்தை அடைத்து, பட்டன்களைக் கீழே தள்ளிவிட்டது, நேராக அட்டைக்கு அடியில். அந்த எழுத்தைப் பெரிதாக்கியது யார்? சர்ச் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபோனாக வாங்கி, ஆசையாசையாக... மெர்சியால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவள் கைபட்ட ஃபோன்கள்தான் ஊமையாகியிருந்தன. அதனால்தான் அந்த ஒரு ஸ்டாப்பிங்.

வஹீத் நாற்காலியில் சாய்ந்தார். தோல் தொழிலிலேயே தலை நரைத்தவர் அவர். "பேட்டன்ட் லெதர்னு பளபளன்னு ஒரு தோல், அது மேல ஒரு ஃபிலிம் இருக்கும்ல, கண்ணாடி மாதிரி. அத உரிக்காம சொல்யூஷன் தடவுனா எப்படி ஒட்டும்? எத்தன பேரத் திட்டியிருக்கோம் அதுக்கு, பசை சரியில்ல, கை சரியில்லன்னு" என்றார். மெர்சியைக் குத்துவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

சரி செய்ய அதிக நேரம் பிடிக்கவில்லை. கரைந்து முடிந்ததும் அட்டையைத் திரையிலிருந்தே முழுசாக எடுத்துவிடு என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆப்பின் பக்கங்கள் சர்வரிலிருந்து வருபவை என்பதால், மூடித் திறந்தாலே புதுசு வந்துவிடும். இந்தத் தடவை தன் ஃபோனில் பார்க்கவில்லை. அம்மாவின் ஃபோனிலேயே, பெரிய எழுத்திலேயே பார்த்தாள். தொட்டதும் பட்டன் பச்சையானது.

வேலூரிலிருந்து மெர்சியின் முதலாளி வசந்த் ஃபோனில் கூப்பிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, டெக்னிக்கல் பிரச்சினை, சரிபண்ணியாச்சு என்று ஒரு மெசேஜ் போட்டுவிடு, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், பேர் கெட்டுவிடும் என்றார். வஹீத்தும் நல்ல மனசோடு அதையேதான் சொன்னார். முடிவை நிறுத்தி வைக்கிறேன், பொங்கல் கழிந்து மறுபடி கணக்கெடுக்கிறேன், ஆனால் அவர்கள் அழுத்த வேண்டும், அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடு என்றார்.

அதில்தான் எல்லாமே இருந்தது. அந்தப் பெண்கள் இனி அழுத்துவார்களா? தங்கள் கைதான் ஆகாது என்று ஒப்புக்கொண்டு, பாதிப் பேர் அந்த ஆப்பைத் திறப்பதையே விட்டுவிட்டார்களே. சரிபண்ணியாச்சு என்று ஒரு வரி போட்டால் யார் நம்புவார்கள்? கையைக் கழுவச் சொன்னது அவள் குரல். அதே குரல்தான் மறுபடி பேசியாக வேண்டும்.

கதவருகே எஸ்தர் நின்றிருந்தாள். மெர்சி எழுந்து போய், வஹீத் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "சார், இவங்க எங்கம்மா."

 வஹீத் எழுந்து, ஒரு நாற்காலியை எஸ்தர் பக்கம் நகர்த்தினார். எஸ்தர் உட்காரவில்லை. வேலை இருக்குது சார், லைன் நிக்கும் என்று சொல்லிவிட்டு எழிலரசியோடு இறங்கிப் போய்விட்டாள். மகளை அவள் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் மெர்சி கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். உள்ளே தோல் வாசனையும் பசை வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து அடித்தன. சின்ன வயதில் அம்மாவின் புடவையில் அடித்த அதே வாசனை. ரத்தினசாமி கண்ணாடியில் பார்த்து, இன்னிக்கு ஆப் செஞ்ச அம்மாவே ஏறிட்டாங்க, டிக்கெட் கேக்கலாமா என்று சிரித்தார். பெண்கள் இடம் விட்டார்கள். அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பியது.

"உங்க கையில ஒண்ணுமே இல்ல" என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்தது. அப்படியே சொன்னாள், உடைந்த குரலிலேயே. வாழ்த்து அட்டையைச் சொன்னாள். அது மறைந்தும் போகாமல் பட்டன் மேல் படுத்துக் கிடந்ததைச் சொன்னாள். தன் விரலுக்கும் அது எடுக்கவில்லை என்பதைச் சொன்னாள். "நான் வெச்சது. நான்தான் பாக்காம விட்டேன். பாக்காமயே உங்க கையச் சொல்லிட்டேன்."

 பின்சீட்டில் ஒரு பெண் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ லேசாகச் சிரித்தார்கள். பிறகு எழிலரசி ஜன்னல் பக்கமிருந்து கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"தின்னர் போட்டுத் தேச்சது. உன் ஆப்ப அப்டேட் பண்ணிட்ட. இதுக்கு எதனா அப்டேட் இருக்குதா மெர்சி?"

 மெர்சி, இல்லக்கா என்று தலையை ஆட்டினாள். எழிலரசி அவளை ஒரு முறை பார்த்தாள். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. தன் ஃபோனை எடுத்து, ஆப்பை மூடித் திறந்து, அந்த உரிந்த விரலாலேயே அழுத்தினாள். பச்சையானது. "ம்ம்" என்றாள். அதைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டுக்காரி அழுத்தினாள். பிறகு அதற்கடுத்தவள். பஸ் முழுக்கச் சின்னச் சின்னப் பச்சை வெளிச்சம். புளியமரத்து ஸ்டாப்பிங்கில் ரத்தினசாமி வண்டியை நிறுத்தினார். "நாளைக்கு யார் யார்?" என்று கிண்டலாகக் கேட்டார். எல்லாரும் ஃபோனைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

அந்த ஸ்டாப்பிங் பிழைத்துக்கொண்டது. பொங்கல் கழிந்து எடுத்த கணக்கில் மறுபடி அதுதான் முதலிடம் என்று வஹீத் சொல்லியனுப்பினார்.

ஆனால் அன்று சாயங்காலம் அம்மாவும் மகளும் வீடு வந்து சேர்ந்ததைச் சொல்லாமல் எப்படி முடிப்பது?

 வீட்டுக்குள் நுழைந்ததும் மெர்சி அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பிடித்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் காய்ந்த ரத்தமும் சுண்ணாம்புமாக ஒரு புண். "இது இன்னாம்மா?" என்றாள். கேட்கும்போதே புரிந்துவிட்டது. துணி துவைக்கும் இடத்தில் கல் ஈரமாகக் கிடந்ததை அவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? என் விரல் நல்லாத்தான் இருக்குது, உன் ஆப்தான் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

எஸ்தர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிற குரலில் சொன்னாள்:

"நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் ஏசியிருந்தால் மெர்சி தாங்கியிருப்பாள். அந்த நம்பிக்கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எஸ்தர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள், இடது கையால். வலது கை புண்.

அழுகை ஓய்ந்ததும் எஸ்தருக்கு நினைவு வந்தது. பஸ்ஸில் எல்லாரும் அழுத்தினார்கள். அவள் மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அழுத்தவே இல்லை. ஃபோனை எடுத்தாள். பட்டன் கீழே நிற்கிறது, மேலே ஒன்றுமே இல்லை, அதை மகளே சொல்லியாயிற்று. இருந்தும் எஸ்தர் விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். திருப்பி மறுபடி துடைத்தாள். துடைத்த பிறகுதான் தொட்டாள்.

பச்சையானது.

"தொடைக்க வேணாம்மா" என்றாள் மெர்சி. 

"பழக்கம்டி" என்று சொல்லிவிட்டு எஸ்தர் அடுப்புப் பக்கம் போனாள்.

இன்றைக்கும் அவள் துடைத்துவிட்டுத்தான் அழுத்துகிறாள். மெர்சி ஒவ்வொரு சாயங்காலமும் அதைப் பார்க்கிறாள். ஆப்பில் இருந்ததை ஒரு வரியில் எடுத்துவிட்டாள். இதை எடுக்கிற வரி எது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.